ஒரே வரி, இரண்டு அர்த்தம்: சதித் திரில்லர் புதுசாகப் பார்ப்பவர்களுக்கு

தேவன், டர்பன்: சதித் திரில்லரில் எதை முதலில் பார்ப்பது, சந்தேகம் எப்படி நமக்குள்ளே ஏறுகிறது என்று பகிருங்கள். ஊரையே ஆளும் ரகசியக் கூட்டம், முகமூடி எல்லாம் வேண்டாம். நடக்கக்கூடிய கதையாக இருக்கட்டும். முடிவுகளும் பேசப்படும், பார்க்காதவர்கள் கவனம்.

என் தேர்வு 1974இல் வந்த தி கான்வர்சேஷன். சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில் மதிய நேரக் கூட்டம், ஒரு ஜோடி சுற்றிச் சுற்றி நடந்து பேசுகிறது. ஒட்டுக்கேட்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஹாரி கால் அதைப் பல இடங்களிலிருந்து பதிவு செய்கிறார். மொட்டை மாடியில் ஒரு நீள மைக், அதன்மேல் குறிபார்க்கும் கண்ணாடி. நமக்கு முதலில் துப்பாக்கி என்றே தோன்றும். கீழே பையோடு பின்தொடரும் ஓர் ஆள்.

பட்டறையில் ஹாரி அந்த நாடாக்களை ஒன்றாக ஓட்டிச் சேர்க்கிறார். தெருப் பாட்டுக்காரர்களின் மேளத்துக்கு அடியில் ஒரு வரி புதைந்திருக்கிறது. சத்தத்தைப் பிரித்துப் பிரித்து அதை வெளியே எடுக்கிறார்: ‘சந்தர்ப்பம் கிடைச்சா அவன் நம்மைக் கொன்னுடுவான்.’ அழுத்தம் ‘கொன்னுடுவான்’ மேல். ஜோடி உயிருக்குப் பயப்படுகிறது என்று அவரும் நம்புகிறார், நாமும் நம்புகிறோம். கடைசியில் அதே வரி வரும்போது அழுத்தம் ‘நம்மை’ மேல். ‘அவன் நம்மைக் கொல்லுவான், அதனால நாம முந்திக்கலாம்’ என்று அர்த்தம் புரண்டுவிடுகிறது. ஒலி அமைத்த வால்டர் மர்ச், நடிகர் வேறு அழுத்தத்தில் சொன்ன பதிவையே அங்கே வைத்தார். சொல் ஒன்றுகூட மாறவில்லை.

சரோஜா, சாட்ஸ்வொர்த்: தமிழில் இது செத்துப்போகும், தம்பி. நாம் அழுத்தத்தைக் குரலில் மட்டுமா வைக்கிறோம்? ‘நம்மளைத்தான்’ என்று ஒட்டு சேர்த்துவிடுவோம். எழுத்தில் அப்படிப் போட்டால் வரி மாறியதைப் பார்வையாளர் கண்ணாலேயே பிடித்துவிடுவார். போடாவிட்டால் எதுவும் மாறியதே தெரியாது. அதனால் அந்தக் காட்சியில் கீழே ஓடும் எழுத்தைப் பார்க்காமல் காதைக் கொடுங்கள், ஹெட்போன் இருந்தால் நல்லது. இன்னொன்று, தொடக்கத்திலேயே பேச்சுக்கு நடுவில் கரகரவென்று ஒரு மின்சத்தம் வரும். டிவி கெட்டுவிட்டது என்று எழுந்து போகாதீர்கள், மைக் பிடிக்கத் தவறிய இடம் அது.

குமரன், பீனிக்ஸ்: அதிபர் நிக்சன் காலத்து வாட்டர்கேட் ஒட்டுக்கேட்பு ஊழலைப் பார்த்துத்தானே இயக்குநர் கொப்போலா இந்தக் கதையை எழுதினார்?

தேவன்: பாதி சரி. படம் வந்த நேரத்தில் வாட்டர்கேட் கொதித்துக்கொண்டிருந்தது, அதனால் அப்படித் தோன்றும். கதை 1960களிலேயே எழுதியது. வாட்டர்கேட்தான் வேண்டுமென்றால் 1976இன் ஆல் த பிரசிடென்ட்ஸ் மென், அந்த ஊழலைத் தோண்டிய இரண்டு செய்தியாளர்களின் கதை. புதியவர்களுக்கு அதுதான் முதல் படி என்பேன். செய்தி அறை வெளிச்சத்தில் குளிக்கிறது, தகவல் தருபவர் நிற்கும் வாகன நிறுத்தமோ கும்மிருட்டு. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் உறுதி செய்வதிலேயே படம் ஓடுகிறது. யாரும் யாரையும் சுடுவதில்லை.

ராஜூ, டர்பன்: எங்கள் வீட்டு லேண்ட்லைனிலும் ஒரு வாரமாகக் கரகர சத்தம். யாராவது ஒட்டுக்கேட்கிறார்களோ?

சரோஜா: ராஜூ அண்ணா, கடற்காற்றில் கம்பி இணைப்பு துரு ஏறினாலும் அப்படித்தான் இரையும். ஒழுங்காக ஒட்டுக்கேட்டால் சத்தமே வராது. படம் பயமுறுத்துவதும் அதனால்தான்.

இந்திராணி, லெனேசியா: கடைசிக் காட்சியைச் சொல்லாமல் விட்டீர்களே. ‘உன்னைக் கேட்டுக்கொண்டிருப்போம்’ என்று தொலைபேசியில் ஒரு குரல். ஹாரி சுவரைக் கிழிக்கிறார், தரைப் பலகையைப் பெயர்க்கிறார், தயங்கித் தயங்கி மாதா சிலையைக்கூட உடைக்கிறார். ஒன்றும் இல்லை. இடிபாட்டின் நடுவே உட்கார்ந்து சாக்ஸபோன் ஊதுகிறார். கேமரா கண்காணிப்புக் கேமரா மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புகிறது.

இதை அமெரிக்கக் கற்பனை என்று தள்ள முடியாது. நம் தென்னாப்பிரிக்காவின் ஒட்டுக்கேட்புச் சட்டமான ரிகாவில், ஒருவர் பேச்சை ஒட்டுக்கேட்டால் பிறகும் அவருக்குச் சொல்லவேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. ஒரு பத்திரிகையாளரின் பேச்சு கேட்கப்பட்ட வழக்கில் அரசமைப்பு நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் அதைச் செல்லாது என்றது. அதுவரை ஹாரி போல வீட்டை இடித்தாலும் ஆதாரம் கிடைத்திருக்காது.

குமரன்: ஒட்டுக்கருவி அந்த சாக்ஸபோனுக்குள்தான். அவர் உடைக்காத ஒரே பொருள் அதுதானே!

இந்திராணி: சாக்ஸபோனை மாட்டும் வார் பட்டையில் என்றும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ கருவியே இல்லை என்றுதான் படுகிறது.

தேவன்: இல்லையென்றால் அழைப்பு வருவதற்கு முன் அவர் ஊதியதைப் பதிவு செய்து தொலைபேசியிலேயே திருப்பிப் போட்டது எப்படி?

குமரன்: பக்கத்து வீட்டுச் சுவர்?