அத்தானுக்காகக் காத்திருந்து மாட்டிக்கொண்டேன்

சென்னையில் எட்டு மாதமாகப் பிரெஞ்சு படிக்கிறேன். பி1 தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம்தான். ஆங்கிலச் சொல் போலவே ஒலித்து வேறு பொருள் தரும் சொற்களில்தான் சிக்கல்.

போன வாரம் வாய்மொழிப் பயிற்சியில், மாமா பையன் கல்யாணத்துக்குப் போனேன் என்று சொல்ல நினைத்து 'ஜே அத்தாந்து லெ மரியாஜ்' என்றேன். 'ஏன், மாப்பிள்ளை வரவில்லையா?' என்று மிஸ் சிரித்தார். அட்டெண்ட் போல ஒலித்தாலும் அத்தாந்த்ர் என்றால் காத்திருப்பது. 'ஜே அசிஸ்தே ஓ மரியாஜ்' என்றிருக்க வேண்டும்.

அட்டை எழுதிப் பார்த்தேன், பத்து முறை எழுதியும் பார்த்தேன். எழுத்தில் சரியாக வருகிறது, வேகமாகப் பேசினால் போய்விடுகிறது. அப்புறம் 'அத்தான் வரும்வரை காத்திரு' என்று ஒரு சூத்திரம் கட்டினேன், அத்தாந்த்ர் ஒட்டிக்கொண்டது (அத்தான் வாழ்க!).

அசிஸ்தேதான் ஒட்டவில்லை. பின்னால் 'ஆ' வந்தால் நிகழ்ச்சியில் கலந்துகொள்வது; அந்த 'ஆ'வும் 'லெ'யும் சேர்ந்துதான் மேலே 'ஓ' ஆனது. 'ஆ' இல்லாமல் நேராக ஆளைச் சொன்னால் அவருக்கு உதவுவது. என் வாயில் அந்த 'ஆ' விழுந்துவிடுகிறது.

அசிஸ்தேயையும் அந்த 'ஆ'வையும் சேர்த்தே நினைவில் வைக்க, தமிழில் யாரிடமாவது சூத்திரம் இருக்கிறதா?