நான்கு பிட் எண் பூட்டைப் பிள்ளைகளுக்கு விளக்கியபோது நடந்தவை

தொடங்கியவர், மின்னணுப் பொறியாளர்

எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு எண் பூட்டு ஒன்றைச் செய்து காட்டப் போயிருந்தேன். பிரெட்போர்டில் இரண்டே சிப்: ஆளுக்கு ஒரு பிட்டை நினைவில் வைக்கும் நான்கு ஃபிளிப்-ஃப்ளாப் உள்ள 74175 ஒன்று, இரண்டு எண்களை ஒப்பிடும் 7485 கம்பேரட்டர் ஒன்று. 0 அல்லது 1 என்று வைக்க ஒரு சுவிட்ச். அதை உள்ளே தள்ள ஒரு பட்டன், எல்லாவற்றையும் அழிக்க இன்னொரு பட்டன். ரகசிய எண்ணை நான்கு சின்ன சுவிட்சுகளில் 1011 என்று வைத்து அட்டையால் மூடிவிட்டேன்.

"பட்டனை அழுத்தும் ஒவ்வொரு முறையும் இந்த நான்கு பேரும் ஆளுக்கு ஒரு இடம் நகர்ந்து உட்காருவார்கள், புதிதாக வந்த பிட் கடைசி இடத்தில் உட்காரும்" என்றேன். ஃபிளிப்-ஃப்ளாப் ஒவ்வொன்றுக்கும் ஒரு எல்.இ.டி. வைத்திருந்ததால் அவர்களே கண்ணால் பார்த்தார்கள். 0000 இருந்தது. 1 தள்ளினால் 0001. அடுத்து 0 தள்ளினால் 0010. பிறகு 0101. கடைசியில் 1011. கம்பேரட்டரின் வேலை ஒன்றுதான்: இந்த நான்கும் மூடிவைத்த நான்கும் ஒன்றா என்று பார்த்துக்கொண்டே இருப்பது. ஒன்றானதும் பச்சை விளக்கு எரிந்தது.

அப்புறம் ஒரு பெண் வந்து அதே எண்ணைப் போட்டாள், திறக்கவில்லை. இன்னொருவன் போட்டான், திறந்தது. மூன்றாவதாக வந்தவன் போட்டபோது பச்சை விளக்கு மின்னியது போலத் தெரிந்து அணைந்துவிட்டது. மூன்று பேரும் சரியாகத்தான் போட்டார்கள். காரணம் எனக்குத் தெரியும், ஆனால் பூட்டின் மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை போய்விட்டது. நீங்கள் யாராவது இந்த இடத்தை எப்படிக் கடந்தீர்கள்?

டிவி, ரேடியோ பழுது பார்ப்பவர்

பட்டன் துள்ளுகிறது சார். ஒரு தடவை அழுத்தினால் உள்ளே இருக்கும் தகடு நாலைந்து தடவை தொட்டுத் தொட்டு விலகும். பட்டனுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று போடுங்கள், சரியாகிவிடும். முப்பது வருஷமாக நான் செய்வது இதுதான்.

பாலிடெக்னிக்கில் டிஜிட்டல் பாடம் எடுப்பவர்

துள்ளல்தான் காரணம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பட்டனோடு இருக்கும் 10 கிலோ ஓம் மின்தடையோடு 0.1 மைக்ரோ ஃபாரட் சேர்ந்தால் கிடைப்பது ஒரு மில்லி செகண்டுதான். மலிவான பட்டன்கள் பல மில்லி செகண்ட் ஆடும். ஒரு மைக்ரோ ஃபாரட் போட்டால் பத்து கிடைக்கும். அங்கேதான் அடுத்த சிக்கல். கையை எடுக்கும்போது மின்னழுத்தம் மெதுவாக ஏறும். மெதுவாக ஏறுவதை 74175-இன் கிளாக் கால் சில சமயம் இரண்டு மூன்று அழுத்தலாக எண்ணிவிடும். நடுவில், மெதுவான ஏற்றத்தைச் சட்டென்ற மாற்றமாக்கும் 7414 சிப்பின் ஒரு கேட்டை வைத்தால்தான் கிளாக்குக்கு ஒரே நேரான துடிப்பு போகும்.

உங்கள் மூன்று பிள்ளைகளுக்கும் நடந்தது துள்ளலுக்கே நல்ல பாடம். இரண்டாவது அழுத்தலில் துள்ளியிருந்தால் 0 இரண்டு தடவை போகும்: 0001, 0010, 0100, பிறகு 1001, கடைசியில் 0011. திறக்காது. முதல் அழுத்தலில் துள்ளியிருந்தால் 0011, 0110, 1101, 1011. கூடுதலாகப் புகுந்த 1 மறுமுனையில் வெளியே விழுந்துவிடும், பூட்டு திறந்துவிடும். கடைசி அழுத்தலில் துள்ளினால் 1011 ஆகி உடனே 0111 ஆகும். அந்த மின்னல்தான் அவன் பார்த்தது. இந்த மூன்று வரிசைகளையும் கரும்பலகையில் எழுதி, "எந்த அழுத்தலில் துள்ளியது?" என்று கேட்டிருந்தால் அவர்களே கண்டுபிடித்திருப்பார்கள்.

நடுநிலைப் பள்ளி ஆசிரியை

எங்களிடம் சிப் எதுவும் இல்லை. நான்கு பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்தேன், ஒரு பக்கம் 0, மறுபக்கம் 1. விசில் ஊதினால் வலப்பக்கம் நிற்பவரின் அட்டையைப் பார்த்துத் தன் அட்டையை மாற்ற வேண்டும். வலக்கோடியில் நிற்பவன் மட்டும் என் கையில் இருக்கும் அட்டையைப் பார்ப்பான்.

முதல் விசிலிலேயே எல்லாம் குழம்பிவிட்டது. நான் காட்டிய 1-ஐப் பார்த்து அவன் திருப்பினான். அவன் திருப்பியதைப் பார்த்து அடுத்தவள் திருப்பினாள். ஒரே விசிலில் நான்கும் 1111. ஒரு பையன் சொன்னான்: "டீச்சர், விசில் ஊதும்போது பக்கத்தில் இருக்கிறதை வாயில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளலாம். அப்புறம் திருப்பலாம்." அப்படிச் செய்தோம். ஒரு விசிலுக்கு ஓரிடம்தான் நகர்ந்தது. கண்ணை மூடாத வரிசை சாதாரண லாட்ச், கண்ணை மூடியதுதான் ஃபிளிப்-ஃப்ளாப் என்று அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது.

ஒரு பெற்றோர்

என் சூட்கேஸில் மூன்று எண் பூட்டு இருக்கிறது. எண்ணை மறந்துவிட்டேன். நீங்கள் சொல்கிற முறையில் அதைத் திறக்க முடியுமா?

பாலிடெக்னிக்கில் டிஜிட்டல் பாடம் எடுப்பவர்

அது முழுக்கச் சக்கரங்களின் வேலை அம்மா, இதற்கும் அதற்கும் தொடர்பில்லை. 000-இலிருந்து 999 வரை பொறுமையாகச் சுற்றிப் பாருங்கள், ஆயிரம்தான்.

தொடங்கியவர்

7414 போட்டுக்கொண்டு மறுபடி போனேன். துள்ளல் போய்விட்டது. ஆனால் நான் எதிர்பார்க்காத இரண்டு விஷயம் நடந்தது. ஒரு பிள்ளை ரகசிய எண்ணை 0000 என்று வைத்தாள். அழிக்கும் பட்டனை அழுத்தினாலே திறந்துகொண்டது. 0001 வைத்தால் ஒரே அழுத்தல் போதும், ஏனென்றால் முன்னால் வேண்டிய மூன்று 0 ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கின்றன.

இரண்டாவதுதான் பெரியது. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எண்ணே தெரியாமல் தள்ளிக்கொண்டே இருந்தான், பத்துப் பதினைந்து அழுத்தலில் திறந்துவிட்டான். "16 எண் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் நாலு அழுத்தல், மொத்தம் 64 என்று சொன்னீர்களே சார்?" என்றான். பதில் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆனது.

பாலிடெக்னிக்கில் டிஜிட்டல் பாடம் எடுப்பவர்

கம்பேரட்டர் எப்போதும் விழித்திருப்பதால் வந்த வினை. கடைசி நான்கு பிட் எதுவாக இருந்தாலும் அது பார்க்கிறது. ஆக ஒவ்வொரு புதிய அழுத்தலும் ஒரு புதிய எண்ணைச் சோதிக்கிறது. இதை அவனிடம் கொடுங்கள்:

```
0000100110101111000
```

இடமிருந்து நான்கு நான்காகப் பிடித்து, ஒவ்வோர் இடமாக நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். 16 எண்களும் ஒவ்வொரு முறை வரும். 19 அழுத்தலில் எந்த எண்ணும் திறந்துவிடும். இப்படிப்பட்ட வரிசைக்கு டி புரூய்ன் வரிசை என்று பெயர்.

தடுக்க ஒரு வழி: "திற" என்று தனிப் பட்டன் வையுங்கள். அதை அழுத்தும்போது மட்டும் கம்பேரட்டரின் பதில் ஐந்தாவது ஃபிளிப்-ஃப்ளாப்பில் ஏற வேண்டும், கையை எடுக்கும்போது மற்ற நான்கும் அழிய வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் பதில் ஏறுவதற்கு முன்பே எண் அழிந்துபோகலாம்.

டிவி, ரேடியோ பழுது பார்ப்பவர்

7485-இல் இன்னொரு 7485-ஐத் தொடர்ந்து இணைப்பதற்கு மூன்று கூடுதல் கால் இருக்குமே, அதை நான் எதிலும் இணைப்பதில்லை. வேலை செய்கிறது.

பாலிடெக்னிக்கில் டிஜிட்டல் பாடம் எடுப்பவர்

பழைய எல்எஸ் வகையில் செய்யும், தொங்கும் காலை அது 1 என்று எடுத்துக்கொள்ளும். ஹெச்சி வகையில் தொங்கவிட்டால் கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே பதில் மாறும். "சமம்" என்ற உள்ளீட்டை 5 வோல்ட்டில் கட்டிவிடுங்கள், மற்ற இரண்டையும் கிரவுண்டில்.

தொடங்கியவர்

"திற" பட்டனைச் சேர்த்துவிட்டேன். 19 பிட் வரிசையைப் பையன் அட்டையில் எழுதி ஒட்டிவைத்திருக்கிறான். ஒரு கேள்வியில் வகுப்பு இன்னும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. தவறான முதல் பிட்டிலேயே சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்கிறது ஒரு கூட்டம், எண்ணை மறந்தவருக்கு உதவியாக இருக்குமாம். அப்படிச் செய்தால் ஒவ்வொரு பிட்டாகக் கண்டுபிடித்து நாலைந்து முயற்சியில் திறந்துவிடலாமே என்கிறாள் அந்த 0000 வைத்த பெண். வரும் வெள்ளிக்கிழமை இரண்டு பூட்டையும் செய்து பார்க்கப் போகிறோம்.