சப்ளையர் வங்கிக் கணக்கு மாற்றம்: யாரிடம் உறுதிப்படுத்துவது?

கொழும்பில் ஆடை இறக்குமதி நிறுவனமொன்றின் கொடுப்பனவுப் பிரிவில் இருக்கிறேன். திருப்பூர் சப்ளையர் ஒருவர் இனிப் பணத்தை துபாய் கணக்குக்கு அனுப்பச் சொல்லி மின்னஞ்சல் போட்டிருக்கிறார். சிஸ்டத்தில் இருந்த எண்ணுக்கு எடுத்துக் கேட்டோம். சரி, எங்கள் கணக்குத்தான் என்றார்கள். அப்புறம் மாற்றப் பதிவைப் பார்த்தால், அந்தத் தொலைபேசி எண்ணே போன மாதம் இதே மின்னஞ்சல் முகவரியிலிருந்து கேட்டு மாற்றப்பட்டது! வங்கிக் கணக்கை மாற்ற இரண்டு பேர் அனுமதி வேண்டும், தொலைபேசி எண்ணுக்கு ஒருவரே போதும். ஓட்டை அங்கேதான்.

பழைய இன்வாய்ஸில் உள்ள எண் வேலை செய்யவில்லை. வங்கிக் கடிதம் பிடிஎஃப் ஆக வந்தது, அதை யாரும் தயாரிக்கலாம். சிறு தொகை அனுப்பிப் பார்த்தாலும் வந்துவிட்டது என்று சொல்லப்போவது அதே ஆள்தான்.

கொடுப்பனவை நிறுத்தி வைத்திருக்கிறோம், தவணை வெள்ளிக்கிழமை. சிஸ்டத்தில் உள்ள தொடர்பு விவரங்களையே நம்ப முடியாதபோது, வெளிநாட்டுச் சப்ளையரை நீங்கள் எந்த வழியில் உறுதிப்படுத்துகிறீர்கள்?