டவுன்லோட் செய்த படம் காலாவதி என்கிறது, என்ன செய்யலாம்?

ஒட்டுசுட்டானில் அம்மம்மா வீட்டில் சிக்னல் சரியில்லை. அதனால் கிளிநொச்சியில் வைஃபை கிடைத்தபோதே ஒரு ஸ்ட்ரீமிங் செயலியில் ஆறு படங்களை டவுன்லோட் செய்து கொண்டுவந்தேன். வெள்ளி இரவு ஒன்றைப் பத்து நிமிடம் பார்த்தேன், அதற்குள் அம்மம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். திங்கள் காலை திறந்தால் அது மட்டும் காலாவதியாம். தொடாத ஐந்தும் நன்றாக ஓடுகின்றன. பிளே அழுத்தியதுமே 48 மணி நேரக் கணக்கு தொடங்கிவிட்டது போல.

தம்பியின் லேப்டாப்பில் போனைச் செருகிப் பார்த்தேன். Android/data கோப்புறைக்குள் கோப்பு அப்படியே இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. நகலெடுத்து வேறு பிளேயரில் போட்டாலும் ஓடவில்லை. பூட்டித்தான் தருகிறார்கள், திறப்பு செயலியிடம்.

மாங்குளம் சந்தியில் கொஞ்சம் டேட்டா போட்டால் அனுமதி மட்டும் புதுப்பிக்குமா, இல்லை முழுப் படத்தையும் மறுபடி இறக்க வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.