ஹாஷ் செய்த அடையாள அட்டை இலக்கம்: இந்தப் புல் ரிக்குவெஸ்டை அனுமதிக்கலாமா?

வெள்ளவத்தைவாசி: வாடிக்கையாளர் பதிவுச் சேவையின் லொக்கில் இலங்கைத் தேசிய அடையாள அட்டை இலக்கம் அப்படியே விழுந்துகொண்டிருந்தது. சக ஊழியர் ஒருவர் இப்படித் திருத்தியிருக்கிறார்:

```
- log.info("kyc ok nic={}", nic);
+ log.info("kyc ok nic={}", sha256(nic));
```

நாளை காலைக்குள் நான் ஒப்புதல் தர வேண்டும். ஏதோ உறுத்துகிறது, ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை.

கடலோரம்: ஹாஷைத் திருப்பி எடுக்க முடியாது. தயங்காமல் ஒப்புதல் கொடுங்கள். கூடுதல் பாதுகாப்பு வேண்டுமென்றால் ஒரு சோல்ட் சேர்க்கலாம்.

இரவுப்பணி: திருப்பி எடுக்க முடியாது என்பது சரி. ஆனால் திருப்ப வேண்டிய தேவையே இல்லையே, எல்லா இலக்கங்களையும் வரிசையாக ஹாஷ் செய்து ஒப்பிட்டால் போதும். பழைய அட்டையில் பிறந்த ஆண்டுக்கு 2 இலக்கம், அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதற்கு 3, அதன்பின் 4, கடைசியில் எழுத்து. பெண்களுக்கு நாளுடன் 500 கூட்டப்படும். ஆகவே ஓர் ஆண்டுக்கு 732 × 10,000, ஏறத்தாழ 73 இலட்சம் வாய்ப்புகள். நூறு ஆண்டுகளுக்கும் சேர்த்து 73 கோடி. சாதாரண மடிகணினிக்கு இது சில நிமிட வேலை. 12 இலக்க அட்டைக்குப் பத்து மடங்கு, அதுவும் பெரிய தடையல்ல. சோல்ட் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால், நிரலைப் பார்க்கக்கூடிய எவருக்கும் இதே வழி திறந்திருக்கும்.

ஆவணக்காப்பு: நாங்கள் கடைசி நான்கை மட்டும் மறைத்தோம். `92634****V` என்று விழும். இதுவரை எந்தச் சிக்கலும் இல்லை.

இரவுப்பணி: அண்ணா, அந்த ஐந்து இலக்கங்களைப் படித்துப் பாருங்கள். 1992இல் பிறந்தவர், 634இல் 500 போக 134, அதாவது மே 13, பெண். மறைக்க வேண்டியதைத்தான் வெளியே விட்டிருக்கிறீர்கள்.

வெள்ளவத்தைவாசி, லொக்கில் இலக்கமே வேண்டாம். உங்கள் தரவுத்தளத்தின் உள்ளக வாடிக்கையாளர் எண்ணை எழுதச் சொல்லுங்கள். இலக்கத்தைக் கொண்டு தேடியே ஆக வேண்டுமென்றால், இரகசியத் திறவுகோலுடன் ஹாஷ் செய்யும் HMAC-SHA256 பயன்படுத்தலாம். திறவுகோல் நிரலிலும் லொக் சேமிப்பிலும் இருக்கக் கூடாது. இன்னொன்று: டிஃப்பில் தெரியாத வரிகளையும் பாருங்கள். வெற்றிப் பாதையை மட்டும் மாற்றியிருக்கிறார். தோல்விப் பாதை என்ன எழுதுகிறது? `926340000Z` என்று பிழையான இலக்கத்தை அனுப்பி, லொக்கில் தேடுங்கள்.

வெள்ளவத்தைவாசி: தேடினேன். இரண்டு இடங்களில் வந்தது:

```
ERROR IllegalArgumentException: invalid nic: 926340000Z
DEBUG req=KycRequest(nic=926340000Z, ...)
```

முதலாவது சரிபார்ப்பு வகுப்பின் பிழைச் செய்தி. இரண்டாவது கோரிக்கையை முழுதாக அச்சிடும் `toString`. இரண்டும் திருத்தப்படவே இல்லை. இலக்கத்தைத் தவறாகத் தட்டுபவர்களின் விவரம்தான் நிறைய விழுந்திருக்கும். மாற்றம் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

கடலோரம்: நான் சொன்னது தவறு. ஆனால் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு அட்டை இலக்கத்தைச் சொல்லித்தான் முறைப்பாட்டைத் தேடுகிறது. பதிவு தோல்வியடைந்தவருக்கு உள்ளக எண்ணே கிடையாதே?

இரவுப்பணி: நியாயமான கேள்வி. கோரிக்கைக்கு ஒரு தற்செயல் எண் கொடுத்து அதைத் திரையில் காட்டலாம், ஆனால் அழைப்பவர் அதைக் குறித்து வைத்திருக்க வேண்டும். HMAC என்றால் திறவுகோலை மாற்றும் நாளில் பழைய லொக்கில் தேட முடியாமல் போகும்.

வெள்ளவத்தைவாசி: அதைக் குழுவில் பேச வேண்டும். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட 90 நாள் லொக்கையும், அதன் பிரதிகளையும் என்ன செய்வது என்றும் கேட்கப்போகிறேன்.

ஆவணக்காப்பு: எங்கள் மறைப்பு வரியை இன்றே எடுக்கிறேன்.