10ஆம் தேதி புது வேலையில சேர்றேன், எப்படி அறிமுகம் பண்ணிக்கறது?

வணக்கங்க, மதுரைக்காரன் நான், கோயம்புத்தூர்ல ஒரு ஸ்பின்னிங் மில் அக்கவுண்ட்ஸ்ல வர்ற 10ஆம் தேதி சேர்றேன், டீம்ல ஆறு பேராம். பிரச்சனை என்னன்னா 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 ஃபைல் பண்ண கடைசி நாள், எல்லாரும் பில்லுல தலைய விட்டுட்டு இருப்பாங்க, அந்த நேரத்துல போய் நின்னு "ஹாய்"னா கடுப்பாவாங்களா?

போன கம்பெனில முதல் நாள் படிப்பு, மார்க், பழைய கம்பெனினு மூணு நிமிஷம் ஒப்பிச்சேன். கேட்டுட்டிருந்த அக்கா ஒருத்தங்க பாதியிலயே கால்குலேட்டர தட்ட ஆரம்பிச்சுட்டாங்க, மத்தியானம் சாப்பிடறப்ப "தம்பி உன் பேரென்ன?"னு அவங்களே கேட்டாங்க. பேர முதல்ல வேகமா சொல்லிட்டு மத்ததெல்லாம் நிதானமா சொல்லியிருக்கேன், புத்திசாலி!

அதனால இந்த தடவ ஒவ்வொரு டேபிளா போய் இதை மட்டும் சொல்லலாம்னு இருக்கேன்:

"வணக்கங்க, நான் முருகன், இன்னைக்குதான் சேர்ந்திருக்கேன். பர்சேஸ் என்ட்ரி, பேங்க் டேலி நாலு வருஷமா பாத்திருக்கேன், காட்டன் பக்கம் புதுசு. நாளைக்கு ஃபைலிங்ல, இன்வாய்ஸ் நம்பர் சரிபாக்கற வேலை இருந்தா குடுங்க. நீங்க எதை பாக்கறீங்க?"

கடைசி கேள்வி வேணும்னேதான் வெச்சேன், அவங்க சொல்றத வெச்சு யார்கிட்ட எதுக்கு போகணும்னு நோட்ல எழுதிக்கலாம்ல.

இது போதுமா, இல்ல 11 முடியற வரை பேர் மட்டும் சொல்லிட்டு 12ஆம் தேதி டீ டைம்ல நிதானமா பேசவா? அப்புறம் அங்க சீனியர்கள சார்னு கூப்பிடறதா அண்ணானா? கோவை மில்லுல இருக்கறவங்க யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.