விவசாயிகளுக்குத் தொலைபேசியில் ஆலோசனை சொல்லும் தானியங்கிக் குரல் பாட், "உறுதியில்லை" என்று சொல்லிவிட்டால் அதன் வேலை முடிந்ததா?

சுழியம்: "பாட் தன் சந்தேகத்தை மறைக்கவில்லை. 70 சதவீதம்தான் என்று வாய்விட்டே சொன்னது. அதற்குப் பிறகும் யூரியா போட்டது அந்த விவசாயியின் முடிவு. பாட்டை ஏன் திட்டுகிறீர்கள்?"

வரப்போரம்: இதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பாட் கைமாற்றிவிடும் அழைப்புகளை வேளாண் அலுவலராக இந்தப் பக்கம் உட்கார்ந்து வாங்குகிறவன் நான். அந்த ஒலிப்பதிவை முழுசாகக் கேட்டேன். நெல், நட்டு 35 நாள், இலை நுனி மஞ்சளாகிறது என்கிறார் விவசாயி. பாட் சொன்னது: "70 சதவீதம் தழைச்சத்துக் குறைபாடாக இருக்கலாம், உறுதியில்லை." அவ்வளவுதான் சந்தேகம், ஒரே வாக்கியம். அதன் பிறகு யூரியாவை எப்போது போட வேண்டும், எத்தனை தடவையாகப் பிரித்துப் போட வேண்டும், வயலில் தண்ணீர் எவ்வளவு நிற்க வேண்டும் என்று நாலு வாக்கியம். கேட்கிறவர் காதில் எது நிற்கும்? அன்று சாயங்காலமே யூரியா போட்டுவிட்டார். என்னிடம் வந்தது ஒன்பதாம் நாள். பாக்டீரியா இலைக்கருகல். தழைச்சத்து கூடினால் அந்த நோய்க்குக் கொண்டாட்டம். சுழியம், ஒன்று மட்டும் சொல்லுங்கள்: மீதி 30 என்னவென்று பாட் சொன்னதா?

சுழியம்: 70 சதவீதம் என்று சொன்ன நூறு அழைப்பில் முப்பது தவறத்தான் செய்யும். தவறாவிட்டால்தான் அந்த எண் பொய். ஒரு அழைப்பை எடுத்து வைத்துக்கொண்டு பாட்டைத் தூக்கில் போடுவது கணக்குத் தெரியாதவர் செய்யும் வேலை.

வரப்போரம்: கணக்கு எனக்கும் தெரியும் தம்பி. மீதி 30 என்ன?

நாற்றங்கால்: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் நெல்லில் தோகை எல்லாம் பழுத்துப் போயிருந்தது. "தோகை மஞ்சள் ஆகுது, மஞ்சள் ஆகுது" என்று இரண்டு தடவை சொன்னேன். பக்கத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "கிழங்கு அழுகியிருக்கிறதா, தோண்டிப் பார்த்தீர்களா?" என்று கேட்கிறது. மஞ்சள் பயிர் என்று எடுத்துக்கொண்டுவிட்டது! அப்புறம் 90 சதவீதம் கிழங்கழுகல்தான் என்று தீர்ப்பும் சொன்னது. நெல்லுக்கு ஏது கிழங்கு?

சுழியம்: அது பேச்சைப் புரிந்துகொள்வதில் வந்த பிழை. நோயைக் கண்டுபிடிப்பதில் வந்ததல்ல. இரண்டையும் குழப்பாதீர்கள்.

நாற்றங்கால்: நான் குழப்பவில்லை அண்ணே, பாட்தான் குழப்பியது. பயிரையே தப்பாகக் கேட்டுவிட்டு 90 என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறது என்றுதான் கேட்கிறேன்.

வரப்போரம்: அம்மா சொன்னதுதான் விஷயம். அந்த எண் காதில் விழுந்த வார்த்தைக்குப் பிறகு போடப்படுகிறது. காதில் விழுந்ததே தப்பாக இருக்கலாம் என்பது அதில் சேருவதில்லை. "நெல் வயல்தானே, மஞ்சள் நிறமா?" என்று முதலில் ஒருமுறை திருப்பிக் கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

எட்டாம்மடை: எல்லோரும் பாட்டையே பிடித்துத் தொங்குகிறீர்கள். கைமாற்றினால் மட்டும் அலுவலர் எடுத்துவிடுவாரா? நான் மூன்று நாள் காத்திருந்தேன். நாலாம் நாள் கூப்பிட்டவர் "என்ன பிரச்சினை?" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். பாட்டிடம் சொன்ன கதையை இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. வரப்போரம் ஐயா, உங்கள் ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுத மாட்டீர்களே! மண் பரிசோதனை விவாதத்திலும் இப்படித்தான் நழுவினீர்கள்.

வரப்போரம்: நழுவவில்லை. உங்கள் மாதிரியைப் பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் எடுக்கச் சொன்னேன். மேலோட்டமாகச் சுரண்டி அனுப்பிவிட்டு முடிவைக் குறை சொன்னீர்கள். அது இருக்கட்டும்.

கைமாற்றிய பிறகும் முதலிலிருந்து கேட்கிறோம் என்றீர்களே, அந்த நெல் அழைப்புக்கு எனக்கு வந்த குறிப்பு இதுதான்: "பயிர்: நெல். அறிகுறி: இலை மஞ்சள். பரிந்துரை: மேலுரம்." ஒலிப்பதிவிலோ அவர் ஆரம்பத்திலேயே "அந்தக் காத்து மழைக்கு அப்புறம்தான் இப்படி" என்கிறார். இலைகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிந்த இடத்தின் வழியாக அந்தப் பாக்டீரியா எளிதாக உள்ளே போகும். துப்பே அந்த வார்த்தைதான். சுருக்கும்போது அதைத்தான் வெட்டி எறிந்திருக்கிறது.

சுழியம்: சரி, சுருக்கம் மோசம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 70 என்பது...

வரப்போரம்: மீதி 30 என்ன?

சுழியம்: ஐயா, இதையே எத்தனை தடவை கேட்பீர்கள்? சந்தேகம் வந்ததையெல்லாம் அலுவலருக்குத் தள்ளினால் எட்டாம்மடை மூன்று நாள் இல்லை, முப்பது நாள் காத்திருப்பார். எங்கேயாவது ஒரு கோடு போட்டாக வேண்டும். 70க்கு மேல் பாட், கீழே அலுவலர். நியாயம்தானே?

வரப்போரம்: கோடு வேண்டும். அதை எண்ணை வைத்து மட்டும் போடக் கூடாது. மீதி 30 துத்தநாகக் குறைபாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். யூரியா போட்டால் குணமாகாது, ஆனால் வயல் பாழாகவும் செய்யாது. பாட்டே பேசட்டும், ஒரு வாரம் பார்க்கலாம். மீதி 30 இலைக்கருகல் என்றால் அதே யூரியா எதிரிக்குச் சோறு போடுகிற மாதிரி. அங்கே 90 சதவீதம் என்றாலும் முதலில் "யூரியாவை நிறுத்தி வையுங்கள்" என்றுதான் சொல்ல வேண்டும். அதனால்தான் மீதி என்ன என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நிறுத்திவிட்டு இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். மஞ்சள் அடி இலையிலா, மேல் இலையிலுமா? தழைச்சத்துக் குறைவு என்றால் அடி இலை முதலில் வெளுக்கும். கருகலில் நுனியிலிருந்து ஓரமாக இறங்கும், மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே எல்லை அலை அலையாக வளைந்து போகும். அதுவும் பிடிபடவில்லையா, பச்சையும் மஞ்சளும் சேரும் இடத்தில் இலையை வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் வெட்டுவாய் மூழ்கும்படி வைக்கச் சொல்ல வேண்டும். சில நிமிடத்தில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் வெட்டுவாயிலிருந்து பால் மாதிரி இழை இறங்கும். இறங்கினால் உடனே அலுவலருக்கு அனுப்பு. இதை வாயால் சொல்ல ஒரு பாட்டால் முடியாதா?

நாற்றங்கால்: நான் ஒருமுறை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. ஆனால் நோய் அதுதான் என்றார்கள்.

வரப்போரம்: காய்ந்து சருகான இலையை வெட்டியிருப்பீர்கள். அதில் வராது. வரவில்லை என்பதால் நோய் இல்லை என்று பாட்டும் சொல்லக் கூடாது.

சுழியம்: பாருங்கள், உங்கள் டம்ளருக்கும் உறுதியில்லை! நூறு தடவை வைத்தால் எத்தனை தடவை சரியாக வரும்? எண் சொல்லுங்கள்.

வரப்போரம்: டம்ளர் யூரியா போடச் சொல்லவில்லை.

எட்டாம்மடை: மூன்று நாள் ஏன் யாரும் கூப்பிடவில்லை என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

கரைமேடு: புதிதாக வந்திருக்கிறேன். தென்னையில் குருத்து வாடுகிறது, எந்த மருந்து அடிக்கலாம்? பாட் 70 சதவீதம் என்று ஏதோ சொன்னது.

வரப்போரம்: மீதி 30 என்னவென்று கேட்டீர்களா?

சுழியம்: இனி இந்த இழையில் நான் இல்லை.

சுழியம்: ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். அந்த விவசாயியிடம் பாட்டே இல்லாமல் இருந்திருந்தால் யாரிடம் கேட்டிருப்பார்? உரக்கடைக்காரரிடம். அவர் "உறுதியில்லை" என்றாவது சொல்லியிருப்பாரா?

எட்டாம்மடை: உரக்கடைக்காரர் அன்றைக்கே பதில் சொல்லியிருப்பார். மூன்று நாள் ஆகாது.

வரப்போரம்: கரைமேடு, குருத்தை இழுத்துப் பாருங்கள். கையோடு வருகிறதா, அடியில் நாற்றம் அடிக்கிறதா? மருந்து அப்புறம்.